பொட்டு வைத்து அளவெடுங்கள்

தையல் கடைக்கு நேரில் போனால் அளவு கொடுப்பதில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவோம், திரும்பச் சொன்னால் திரும்புவோம். இரண்டு மூன்று நிமிடத்தில் நோட்டில் ஏழெட்டு எண்கள் ஏறிவிடும். அந்த எண்களுக்குப் பின்னால் எழுதப்படாத குறிப்புகளும் உண்டு. இந்தம்மாவுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம், முதுகு லேசாக வளைந்திருக்கிறது, கையைத் தூக்கும்போது ரவிக்கை மேலே ஏறும் என்பதையெல்லாம் தையற்காரர் கண்ணாலேயே வாங்கிக்கொள்வார். வெட்டும்போது அவை கத்திரிக்கோலுக்கு வந்து சேரும்.

ஆன்லைனில் தைக்கக் கொடுப்பவருக்கு அந்தக் கண் கிடையாது. துணி கூரியரில் போகிறது, அளவு வாட்ஸ்அப்பில் போகிறது. டேப்பைப் பிடிப்பது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாடிக்கையாளரின் கை. அதனால் இந்த வழியில் தொழில் செய்யும் தையற்காரர்கள் பலர் அளவெடுக்கும் முறையை வீடியோவாகப் போட்டு அனுப்புகிறார்கள். அந்த வீடியோ உருப்படுவதும் வீணாவதும் அதற்கு எழுதும் ஸ்கிரிப்டில்தான் இருக்கிறது. "மார்பைச் சுற்றி அளந்து எழுதுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் பத்துப் பேர் பத்து இடத்தில் டேப்பை வைப்பார்கள்.

இங்கே ரவிக்கைக்கான ஸ்கிரிப்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுடிதார் டாப் ஒரு இஞ்சு தொளதொளத்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். ரவிக்கையில் அரை இஞ்சு தப்பினால் தோள் நழுவும், இல்லாவிட்டால் கொக்கிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும்.

நல்ல ஸ்கிரிப்ட் டேப்பை எடுக்கச் சொல்வதற்கு முன்பே ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கும்: "வணக்கம்ங்க. முதல்ல ஒண்ணு முடிவு பண்ணிக்குங்க. உடம்புல அளவெடுக்கப் போறீங்களா, உங்களுக்கு நல்லா பொருந்துற ப்ளவுஸ்ல எடுக்கப் போறீங்களா? ஏதாவது ஒண்ணு. ரெண்டையும் கலக்கக் கூடாது. எதுல எடுத்தீங்கன்னு மேலேயே எழுதிடுங்க."

தைத்து வந்த ரவிக்கை பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் இந்தக் கலப்புதான். ஒருவரின் உடம்பில் மார்புச் சுற்றளவு 36 இஞ்சு என்று வைத்துக்கொள்வோம். மூச்சு விடவும் கையை அசைக்கவும் இடம் வேண்டும் என்பதால் தையற்காரர் அதோடு ஒன்று முதல் ஒன்றரை இஞ்சு வரை லூஸ் சேர்ப்பார். அவர் ஒன்றரை சேர்ப்பவர் என்றால் ரவிக்கை 37½ ஆக வரும். அடுத்த முறை வாடிக்கையாளர் அந்த ரவிக்கையைத் தரையில் விரித்து, முதுகுப் பக்கம் அக்குள் தையலிலிருந்து அக்குள் தையல் வரை 18, கொக்கி மாட்டிய முன்பக்கம் 19½ என்று அளந்து, கூட்டி, 37½ என்று எழுதி அனுப்புகிறார். அளந்தது சரி, கூட்டியதும் சரி. புதிய தையற்காரர் இதை உடம்பின் அளவு என்று எடுத்துக்கொண்டு தன் பங்குக்கு ஒன்றரை சேர்த்து 39க்கு வெட்டுகிறார். யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் ரவிக்கை சாக்கு மாதிரி தொங்குகிறது. உடம்பளவை ரவிக்கை அளவு என்று நினைத்துவிட்டாலோ கொக்கியே மாட்ட முடியாது.

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஏன் தனித்தனியாக அளக்க வேண்டும்? முன்பக்கத்தில் டாட் பிடித்திருப்பதால் அது தரையில் சமமாகப் படியாது, பின்பக்கத்தைவிட அகலமாகவும் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கினால் கணக்கு தப்பும்.

"டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு அளக்க வேண்டும்" என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நேரில் அளக்கும் தையற்காரர் தன் விரலை விட்டு அளக்கிறார் என்றால், லூஸை அப்போதே சேர்த்துவிட்டார் என்று அர்த்தம். அவர் விரல் அவர் கணக்குக்குள் இருக்கிறது. வீட்டில் நாம் விரலை விட்டு அளந்து, அங்கே அவரும் லூஸ் சேர்த்தால் மறுபடியும் இரட்டிப்புதான். ஸ்கிரிப்ட் இதையும் சொல்லிவிட வேண்டும்: "டேப் உடம்புல ஒட்டி இருக்கணும், அழுத்தக் கூடாது. விரல் எதுவும் உள்ள விட வேண்டாம். லூஸ் நாங்க பாத்துக்கறோம்."

இனி டேப். தையல் டேப்பின் நீளம் 60 இஞ்சு. ஒரு பக்கம் இஞ்சும் மறுபக்கம் சென்டிமீட்டரும் இருக்கும். பல வருடம் மிஷின் டிராயரில் கிடந்த பழைய டேப் நீண்டுபோயிருக்கலாம். பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். 12 இஞ்சு ஸ்கேலோடு டேப்பின் 12 பொருந்தாவிட்டால் அந்த டேப் வேண்டாம்.

எண்ணை எழுதும் விதத்தில் இன்னொரு குழி இருக்கிறது. தையற்காரர்களும் ஆசாரிகளும் ஒரு இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அரை இஞ்சு என்பது நான்கு நூல், கால் இஞ்சு இரண்டு நூல். "14.2" என்று எழுதி வந்தால் தையற்காரர் அதைப் பதினாலும் இரண்டு நூலும், அதாவது பதினாலே கால் என்று படிக்கலாம். எழுதியவர் மனதில் இருந்தது வேறாக இருக்கலாம். "14.5" இன்னும் மோசம். ஒருவருக்கு அது பதினாலரை, இன்னொருவருக்குப் பதினாலும் ஐந்து நூலும். புள்ளியே வேண்டாம், கால், அரை, முக்கால் என்று எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்வது நல்லது. கழுத்து இறக்கம், கை நீளம் போன்ற சின்ன அளவுகளில் பக்கத்தில் "இஞ்சு" என்றும் எழுத வேண்டும். மார்பு 92 என்று வந்தால் சென்டிமீட்டர் என்று யாருக்கும் புரியும். கை நீளம் 15 என்று வந்தால் இரண்டாகவும் இருக்கலாம். 15 இஞ்சு என்றால் முழங்கையைத் தாண்டிய கை, 15 சென்டிமீட்டர் என்றால் ஆறு இஞ்சுக் கை.

அளக்கும்போது போட்டிருக்கும் உடையும் முக்கியம். உடம்போடு ஒட்டிய மெல்லிய உடை வேண்டும். உள்ளே போடும் பிரா, அந்த ரவிக்கைக்குள் போடப்போகும் அதே பிராவாக இருக்க வேண்டும். பேடு வைத்ததைப் போட்டு அளந்துவிட்டு விசேஷத்தன்று சாதாரண காட்டன் பிரா போட்டால், சுற்றளவு குறைவதோடு டாட் முனையும் இடம் மாறும். நைட்டி மேல் அளந்து அனுப்பப்படும் எண்களை வைத்துத் தைக்காமல் இருப்பதே மேல்.

இனி ஸ்டிக்கர் பொட்டு. நேரில் அளக்கும்போது தையற்காரரின் கட்டைவிரல் ஓர் எலும்பைத் தேடிப் பிடித்து, டேப்பின் முனையை அங்கே அழுத்தும். வீட்டில் அளப்பவருக்கு அந்த இடம் எது என்று தெரியாது. அதனால் டேப்பைத் தொடுவதற்கு முன் இடங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பொட்டுதான் அதற்குக் கைக்கு எட்டும் பொருள். "கையைப் பக்கவாட்டுல தோள் உயரத்துக்குத் தூக்குங்க. தோள் முனையில ஒரு சின்னக் குழி விழும். அந்த இடத்தை விரலால தொட்டுக்கிட்டே கையை இறக்குங்க. அங்க எலும்பு தட்டுப்படும். அதுமேல ஒரு பொட்டு ஒட்டுங்க. இன்னொரு தோள்லயும் அதே மாதிரி." மூன்றாவது பொட்டு, கழுத்து தோளோடு சேரும் ஓரத்தில். கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்றைப் போட்டால் அது பக்கவாட்டில் எங்கே உட்காருகிறதோ அதுதான் அந்த இடம்.

ஷோல்டர் அளவை இரண்டு தோள் பொட்டுகளுக்கு நடுவே, முதுகுப் பக்கமாக எடுக்க வேண்டும். கை நீளமும் அதே தோள் பொட்டிலிருந்துதான் தொடங்கும். இந்த இரண்டு அளவுக்கும் ஒரே முனை என்பதுதான் பொட்டின் பலன். ஷோல்டருக்கு ஓரிடம், கைக்கு வேறிடம் என்று எடுத்தால் நடுவில் ஒரு இஞ்சு காணாமல் போகும், அல்லது இரண்டு முறை எண்ணப்படும். முழங்கை வரை கை வேண்டும் என்றால் முழங்கையை மடித்து அளக்க வேண்டும், நீட்டிய கையில் எடுத்தால் மடக்கும்போது ரவிக்கைக் கை மேலே ஏறிவிடும். கைச் சுற்றளவைக் கை முடியும் இடத்தில்தான் எடுக்க வேண்டும். புஜத்தின் தடித்த பகுதியில் எடுத்துவிட்டு, அதற்கு மூன்று இஞ்சு கீழே முடியும் கைக்கு அந்த எண்ணை எழுதுபவர்கள் உண்டு.

மார்புக்கு இரண்டு அளவு தேவை. அக்குளை ஒட்டி, மார்பின் மேல் பகுதியைச் சுற்றி எடுப்பது மேல் மார்பு. மார்பின் மிக உயர்ந்த இடத்தைச் சுற்றி எடுப்பது மார்பு. பலர் இரண்டாவதை மட்டும் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு மேல் மார்பு 34, மார்பு 37 என்றால், அவருடைய எலும்புக் கட்டு 34க்குரியது. தோள், கழுத்து, கைக்குழி மூன்றும் 34ஐ ஒட்டி வெட்டப்பட வேண்டும். மிச்சமுள்ள மூன்று இஞ்சைத் தையற்காரர் டாட்டாகவோ கட்டோரியாகவோ முன்பக்கத்தில் மட்டும் கொடுப்பார். அவர் கையில் 37 என்ற ஒற்றை எண் மட்டும் இருந்தால் கழுத்தையும் தோளையும் சேர்த்தே பெரிதாக வெட்டிவிடுவார். அப்புறம் மார்பு பிடிக்கும், தோள் நழுவும். "எனக்கு எந்த டெய்லர் தைச்சாலும் தோள் நிக்காது" என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் சங்கதி.

இரண்டையும் எடுக்கும்போது டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னால் நாம் பார்த்துக்கொள்வோம், முதுகில்தான் டேப் நழுவி இறங்கும். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றால் தெரியும். அதைவிட, வீட்டில் இன்னொருவரைப் பிடித்துக்கொள்வது உத்தமம். தனியாக நின்று அளக்கும்போது கையை முதுகுக்குக் கொண்டுபோனாலே தோள் அசைந்து அளவு மாறும். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், இயல்பாக விட்டபடி நிற்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவே கால் இஞ்சு வித்தியாசம் வந்தால் பரவாயில்லை, அரை இஞ்சு வந்தால் டேப் இடம் மாறியிருக்கிறது.

கழுத்து இறக்கத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கழுத்தோரப் பொட்டில் டேப்பை வைத்து, கழுத்து எவ்வளவு இறங்க வேண்டுமோ அந்த இடத்துக்கு, அதாவது நெஞ்சின் நடுவுக்கு, டேப்பைச் சாய்வாக இழுத்துப் படிக்கிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தையற்காரர் துணியில் கழுத்து இறக்கத்தைச் செங்குத்தாகக் குறிக்கிறார். கழுத்தோரப் பொட்டுக்கும் உடம்பின் நடுக்கோட்டுக்கும் குறுக்கே 3 இஞ்சு இருக்கிறது என்று வையுங்கள். நேராக இறங்கினால் 6½ இஞ்சு. சாய்வாக இழுத்தால் பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குப்படி ஏழுக்கும் ஒரு நூல் மேலேயே வரும். அந்த ஏழு இஞ்சை அவர் நேராகக் குறித்து வெட்டினால் நாம் கேட்டதைவிட அரை இஞ்சுக்கு மேல் கழுத்து இறங்கிவிடும்.

இதற்கு ஒரு ஸ்கேல் போதும். "கழுத்து எங்க முடியணுமோ அந்த இடத்துல ஸ்கேலைக் குறுக்கே படுக்க வையுங்க. கழுத்தோரப் பொட்டுல டேப்பை வச்சு, அப்படியே நேரா கீழ விடுங்க. ஸ்கேலைத் தொடுற இடத்துல என்ன இருக்கோ அதுதான் கழுத்து இறக்கம்." பின்கழுத்தையும் அதே பொட்டிலிருந்து, இதே முறையில் எடுக்கலாம். பிடரி எலும்பிலிருந்து அளந்தால் அதை ஒரு வார்த்தை எழுதிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிடரியும் கழுத்தோரமும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை.

டாட் பாயின்டையும் கழுத்தோரப் பொட்டிலிருந்தே மார்பின் உச்சி வரை எடுக்க வேண்டும். இதில் டேப் உடம்பை ஒட்டிப் போகலாம், ஏனென்றால் துணியும் அங்கே உடம்பை ஒட்டித்தான் போகிறது. ரவிக்கை உயரம் எங்கே முடிய வேண்டும் என்பதற்கு, மார்புக்குக் கீழே ரவிக்கையின் அடிப்பட்டி உட்காரும் இடத்தில் ஒரு நூலைச் சுற்றிக் கட்டிக்கொள்வது நல்ல வழி. நூலின் சுற்றளவுதான் ரவிக்கைக்கு இடுப்பு. புடவை கட்டும் இடுப்பை அளந்து அனுப்பினால் அது வேறு இடம், வேறு எண்.

இப்படியெல்லாம் சொன்ன பிறகும் எண்கள் தப்பாக வரும். அனுபவமுள்ள தையற்காரர் எண்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, ஒன்றை இன்னொன்றோடு மோதவிட்டுப் பார்ப்பார். ஒரு வாடிக்கையாளர் இப்படி அனுப்பியதாக வைத்துக்கொள்வோம்: மேல் மார்பு 35, மார்பு 38, இடுப்பு 32, ஷோல்டர் 17, கைக்குழி 16½, முன்கழுத்து 8, டாட் பாயின்ட் 9½, உயரம் 14½, எல்லாம் உடம்பளவு. மார்பும் மேல் மார்பும் பொருந்துகின்றன. கைக்குழியிலும் குறையில்லை. ஷோல்டர் 17தான் உறுத்துகிறது. இந்த மேல் மார்புக்கு 14க்கும் 15க்கும் நடுவே எதிர்பார்க்கலாம். டேப் தோள் எலும்பைத் தாண்டிக் கைக்குள் இறங்கியிருக்க வேண்டும். இப்படியே தைத்தால் கைத் தையல் தோளிலிருந்து கீழே விழுந்து நிற்கும்.

அடுத்து, முன்கழுத்து 8, டாட் பாயின்ட் 9½. கழுத்து முடிகிற இடத்துக்கும் மார்பின் உச்சிக்கும் நடுவே ஒன்றரை இஞ்சுதான் மிச்சம். அவ்வளவு இறக்கமான கழுத்தை விரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் சாய்வாக அளந்த எட்டாகவும் இருக்கலாம். அப்படியானால் நேராக ஏழரைக்குக் கீழேதான் வரும். தானாகத் திருத்திக்கொண்டு வெட்டுகிற தையற்காரர் தப்பு செய்கிறார். கேட்டுவிட வேண்டும்: "மேடம், ஷோல்டரும் முன்கழுத்தும் மட்டும் மறுபடி எடுத்து, டேப் உடம்புல இருக்கறப்பவே ஒரு போட்டோ அனுப்புங்க." போட்டோவில் எண் தெரிவதைவிட டேப்பின் இரண்டு முனைகளும் எங்கே நிற்கின்றன என்பது தெரிந்தால் போதும். முகம் படத்தில் விழத் தேவையில்லை என்பதையும் தையற்காரரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது மரியாதை.

அளவு ரவிக்கையைக் கூரியரில் அனுப்பிவிட்டால் இத்தனை பாடும் இல்லையே என்று கேட்கலாம். உள்ளூரில் அது சரியான யோசனை. மாதிரிக்கு ஓர் உடையைக் கொடுத்துவிட்டுக் கோயிலைச் சுற்றி வருவதற்குள் அதேபோல் தைத்துத் தருவதற்கு மதுரைப் புதுமண்டபத்தில் கடை வைத்திருந்த தையற்காரர்கள் பேர்போனவர்களாக இருந்தார்கள். ஆனால் மாதிரியில் உள்ள குறைகளும் புது ரவிக்கையில் அப்படியே வந்துவிடும். பழைய ரவிக்கை பல சலவை கண்டு சுருங்கியிருக்கும், அல்லது உழைத்து நெகிழ்ந்திருக்கும். போட்டுப் பழகியதால் நமக்குத் தெரியாது. மாதிரியை அனுப்பினாலும், "கைக்குழி கொஞ்சம் பிடிக்குது, மத்ததெல்லாம் சரி" என்று ஒரு சீட்டு எழுதி ஊசியால் குத்தி அனுப்ப வேண்டும்.

ஸ்கிரிப்டால் ஆகாத வேலைகளும் உண்டு. தோள் இறக்கம், முதுகு வளைவு ஆகியவை எந்த எண்ணிலும் வராது. அதற்கு முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என மூன்று படங்கள் ஓரளவுக்கு உதவும். பிரசவித்து மாதங்கள் ஆகாதவர்கள், பால் கொடுப்பவர்கள், எடை ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள் துணியை அனுப்பும் வாரத்தில் புதிதாக அளக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டு அவர்களுக்கு உதவாது. பக்கத் தையலுக்குள் ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்சுக்குக் குறையாமல் துணி விட்டுத் தைக்கச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பிடித்தால் உள்ளூர்த் தையற்காரரே பிரித்து விட்டுக்கொள்வார். ஆனால் அப்படி விட்ட துணி சுற்றளவுக்கு மட்டுமே உதவும். இறங்கிவிட்ட கழுத்தை யாராலும் ஏற்ற முடியாது.

கல்யாண ரவிக்கைகளில் ஆபத்து இங்கேதான். ஆரி வேலை செய்யும் ரவிக்கையில், துணியை வெட்டுவதற்கு முன்பே கழுத்து வளைவையும் கை விளிம்பையும் அளவுப்படி வரைந்துகொள்வார்கள். அந்தக் கோட்டை ஒட்டித்தான் ஜரிகையும் மணியும் கல்லும் ஏறும். வேலை முடிந்த பிறகே வெட்டித் தைப்பார்கள். கழுத்து அரை இஞ்சு தப்பியது தெரிய வரும்போது பல நாள் கைவேலை அந்தத் தப்பான கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் இந்த ரவிக்கைகளுக்கு, அனுப்பிய அளவில் வெறும் லைனிங் துணியில் ஒன்று தைத்து முதலில் அனுப்பச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும், கூரியருக்கு ஒரு வாரம் போகும். தனியே அதற்கென்று பணம் கேட்கும் தையற்காரரிடம் பேரம் பேச வேண்டாம். அது வந்ததும் விசேஷத்துக்குப் போடும் பிராவோடு போட்டு, புடவையையும் ஒருமுறை கட்டி, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். எங்கே பிடிக்கிறதோ எங்கே தொளதொளக்கிறதோ அங்கே குண்டூசி குத்திப் போட்டோ எடுத்து, அந்த லைனிங்கையும் குண்டூசியோடு திருப்பி அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு அவர் பட்டுத் துணியில் கோடு போடட்டும்.